டிஸ்க்குக்குத் தோடு போட்ட கதை: ஒரு பிரேக்குக்கு எவ்ளோ சூடு ஏறுது, எப்ப இறங்குது

மூணு வாரமா இழுத்தடிச்ச வேலை போன ஞாயித்துக்கிழமை காலைல ஒருவழியா முடிஞ்சுது. முழுசா முடியல, பாதிதான், ஆனா நம்பற மாதிரி நம்பர் கைக்கு வந்துடுச்சு, அதான் எழுதறேன். பைக்கோட முன் டிஸ்க்கு, 60ல போய் முன் பிரேக்கை மட்டும் புடிச்சு நிறுத்தினா எத்தனை டிகிரி ஏறுது, அடுத்த பிரேக்குக்குள்ள எவ்ளோ இறங்குது, இது ரெண்டுதான் கேள்வி.

முதல்ல பேப்பர்ல போட்டுப் பாத்தேன். வண்டி, நான், ஹெல்மெட்டு, பெட்ரோல் எல்லாம் சேத்து 220 கிலோ. 60 கி.மீ. வேகம்னா செகண்டுக்கு 16.7 மீட்டர். கணக்கு 30.6 கிலோஜூல் வருது. இதுல காத்தும் டயரும் கொஞ்சம் தின்னுடும், பேடும் கொஞ்சம் எடுத்துக்கும், அதனால டிஸ்க்குக்கு 90 சதவீதம்னு வெச்சேன், 27.5. இதுவரைக்கும் சிக்கல் இல்ல. சிக்கல் எங்கன்னா இதை எந்த எடையால வகுக்கறதுங்கறதுல.

டிஸ்க்கைக் கழட்டி எடை போட்டா 1.05 கிலோ. ஸ்டெயின்லெஸ்ஸோட வெப்பக் கொள்ளளவு ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரிக்கு 460 ஜூல்னு போட்டா 57 டிகிரி ஏத்தம். ஆனா பேடு உரசறது வெளிய இருக்கற வளையத்துல மட்டும்தான, நடுவுல ஹப்புல போல்ட் போட கால் மாதிரி நீட்டிட்டு இருக்கற பகுதிக்கு அந்த மூணு செகண்டுல சூடு போய்ச் சேருமா? சேராது. இந்த மாதிரி ஸ்டீல்ல மூணு நாலு செகண்டுல சூடு நல்லா பரவறது ஒரு 5 மி.மீ. தூரம்தான். டிஸ்க்கு தடிமன் 4 மி.மீ., ரெண்டு பக்கமும் சூடாகறதால நடு வரைக்கும் 2 மி.மீ. தான், அது ஒரு செகண்டுக்குள்ள சமமாயிடும். கால் பகுதியோ 30 மி.மீ. தள்ளி இருக்கு. ஆக பிரேக் புடிக்கற நேரத்துல டிஸ்க்குங்கறது வெறும் வளையம் மட்டும்தான். வெர்னியர் வெச்சு வெளி விட்டம் 276, உள் விட்டம் 210னு அளந்து, ஓட்டைங்களைப் பேப்பர் வெச்சுப் பென்சில்ல தேச்சு எண்ணிக் கழிச்சா வளையம் மட்டும் 0.69 கிலோ. இப்ப வகுத்தா 87 டிகிரி. 57க்கும் 87க்கும் நடுவுல எது சரின்னு அளந்துதான பாக்கணும்?

இங்கதான் மூணு வாரம் போச்சு.

முதல்ல வீட்ல இருந்த துப்பாக்கி தெர்மாமீட்டரை நீட்டினேன். நிறுத்தின உடனே 64 காட்டுது. அட, ஏத்தம் 33 தானா, கணக்கு மொத்தமும் தப்பான்னு ஒரு நாள் முழுக்க மண்டைய உடைச்சுக்கிட்டேன். அப்பறம்தான் உறைச்சுது, பேடு தேச்சுத் தேச்சுப் பளபளன்னு இருக்கற ஸ்டெயின்லெஸ்ஸு தன் சூட்டைச் சரியா வெளிய காட்டாது, கண்ணாடி மாதிரி பக்கத்துல இருக்கறதோட சூட்டையும் சேத்துக் காட்டும். துப்பாக்கியோ அப்படி வெளிய காட்டற அளவை 0.95னு ஃபிக்ஸ் பண்ணி வர்ற மலிவு ஐட்டம், மாத்தவும் முடியாது. பெயின்ட் அடிச்சா சரியா காட்டும், ஆனா பேடு உரசற எடத்துல பெயின்ட் அடிச்சா பிரேக்கு என்ன ஆகும்? அந்த வேலைய யாரும் பண்ணாதீங்க. உள் ஓரத்துல உரசாத பட்டைல சைலன்சர் கறுப்பு பெயின்ட் ஒரு பொட்டு வெச்சேன், அது ஆறறதைப் பாக்க உதவும், ஆனா ஏத்தத்தை லேட்டா சொல்லும்.

சரி, டிஸ்க்குலயே உரசி ஒயர் முனையால சூட்டை அளக்கற தெர்மோகப்பிளே செய்யலாம்னு முடிவு. கே டைப் ஒயரு சென்னை போனப்ப ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினது, கண்ணாடி நூல் உறை போட்டது, மீட்டர் கணக்குல வெட்டித் தர்றாங்க. (அதுக்கு முன்னாடி ஆன்லைன்ல வாங்கின ஒண்ணு இருக்கு, அது பிளஸ் மைனஸ் கலர் மாத்தி வந்துச்சு, லைட்டரைக் காட்டினா டிகிரி இறங்குது. அதை விடுங்க.) வெறும் முனைய டிஸ்க்குல உரசவிட்டா ரெண்டு நிமிசத்துல தேஞ்சு அந்துடும். அதனால 0.3 மி.மீ. செம்புத் தகட்டுல 5 மி.மீ. வட்டம் ஒண்ணு வெட்டி, அது பின்னாடி முனைய ஒட்ட வைக்கணும். ஈயம் வேணாம், பத்து தடவை பிரேக் புடிச்சா உருகி ஓடிடும்.

சேலத்துல இருந்துக்கிட்டு இதுக்கா கவலை. செவ்வாய்ப்பேட்டைல கொலுசுப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க இருந்த பெரியவர் கைல வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "யாருக்குங்க தம்பி இந்தத் தோடு?"ன்னார். பைக்குக்குங்கய்யான்னேன். சிரிச்சுட்டு வெள்ளிப் பொடி வெச்சு ஒரே ஊது, முடிஞ்சுது. காசு வாங்கல. போன சூட்டோட டிஸ்க்கையும் அவர் தராசுலயே எடை போட்டுக்கிட்டேன், அந்த 1.05 அங்க வந்த நம்பர்தான்.

பழைய ரிலே ஒண்ணைப் பிரிச்சு உள்ள இருந்த வெண்கலத் தகட்டை ஸ்பிரிங்கா வெச்சு, ஃபோர்க்குல கிளாம்ப் போட்டு, தோடு டிஸ்க்கை லேசா தொடற மாதிரி புடிச்சுக் கட்டினேன். வளையத்துல ஓட்டையே இல்லாத உள்பக்கத் தடம் ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுல வெச்சாதான் ரீடிங் ஆடாது. ஸ்பிரிங்கு அழுத்தம் ஜாஸ்தியானா தோடே உரசிச் சூடாகும். இதைச் செக் பண்றது ஈஸி, பிரேக்கே புடிக்காம ஆறின டிஸ்க்கோட 50ல ஓட்டிப் பாருங்க. எனக்கு முதல்ல 14 டிகிரி பொய்யா காட்டுச்சு, தகட்டை வளைச்சு வளைச்சு 3 டிகிரிக்குக் கொண்டாந்தேன். அந்த 3ஐ ஓடற ரீடிங்ல கழிச்சுக்கறேன்.

அப்பறம் வந்துச்சு பாருங்க அசல் தலைவலி. வீட்ல வெந்நீர்ல முக்கினா பிரமாதமா காட்டற MAX31855ங்கற தெர்மோகப்பிளைப் படிக்கற போர்டு, வண்டில மாட்டின உடனே டிகிரிக்குப் பதிலா nan nan nanனு கொட்டுது. சக்கரத்தைக் கையால சுத்தினா ஒரு எடத்துல டிகிரி வருது, இன்னொரு எடத்துல திரும்ப nan. லூஸ் கனெக்ஷன்னு நெனச்சு ரெண்டு நாள் எல்லா ஒயரையும் மாத்தி மாத்தி மாட்டினேன். கடைசில இந்த ரெண்டு வரியப் போட்டேன்:

```cpp
double t = tc.readCelsius();
if (isnan(t)) Serial.println(tc.readError());
```

2னு வந்துச்சு. 1 வந்தா ஒயர் அந்துருக்குன்னு அர்த்தம், 2 வந்தா கிரவுண்டோட ஷார்ட். அப்பதான் மண்டைல அடிச்ச மாதிரி இருந்துச்சு. தோடு டிஸ்க்கைத் தொடுது, டிஸ்க்கு பேரிங் வழியா ஃபோர்க்கு, ஃபோர்க்குல இருந்து சேஸிஸ்ஸு, சேஸிஸ்தான பேட்டரி மைனஸ். போர்டுக்கு நான் கரன்ட் எடுத்ததும் அதே பேட்டரில இருந்துதான். இந்தச் சிப்புக்குத் தெர்மோகப்பிள் கிரவுண்டைத் தொடவே கூடாது. பேரிங்ல கிரீஸ் இருக்கறதால சில எடத்துல தொடர்பு விட்டுப் போகுது, அதான் விட்டு விட்டு வேலை செஞ்சிருக்கு. போர்டைத் தனி பவர் பேங்க்குக்கு மாத்தி, பெட்டியை ரப்பர்ல சுத்திக் கட்டினேன், சேஸிஸ்ஸோட ஒரு எடத்துலயும் தொடர்பு இல்லாம. அதோட nan ஒழிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு ஆளில்லாத லேஅவுட் ரோடு, வெளிச் சூடு 31. 60ல இருந்து நிறுத்தினேன், 113 காட்டுது. ஏத்தம் 82. கணக்கு சொன்னது 87. மூணு தடவை திரும்பச் செஞ்சேன், ஒவ்வொரு தடவையும் முழுசா ஆற விட்டு, 80ல இருந்து 84க்குள்ளதான் வந்துச்சு. மொத்த எடையப் போட்டு வந்த 57 பக்கத்துலயே இல்ல. வளையத்தை மட்டும் எடுத்தது சரின்னு அன்னிக்கு டீக்கடைல நின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

இனி ஆறற கதை. நிறுத்தின எடத்துலயே வண்டிய நிக்க வெச்சுட்டு மணி பாத்தேன். ஒரு நிமிசத்துல 113ல இருந்து 90. வேகமா இறங்குதேன்னு அந்த முதல் நிமிசத்தை மட்டும் வெச்சுக் கணக்குப் போட்டா, 10 நிமிசத்துல 34க்கு வந்துடணும். ஆனா ரெண்டாவது நிமிசம் 79, அஞ்சுல 62, பத்து நிமிசத்துல இன்னும் 49. ஏன்னா முதல் ரெண்டு நிமிசம் பெருசா காத்துல ஆறல, வளையத்துல இருந்த சூடு கால் பகுதிக்குப் பங்கு போயிட்டு இருந்துச்சு. பங்கு முடிஞ்சப்பறம்தான் அசல் ஆறல் தெரியுது, அஞ்சுல இருந்து பத்து வரைக்கும் பாத்தா நேர மாறிலி, அதாவது மிச்ச ஏத்தம் மூணுல ஒரு பங்கு கிட்ட இறங்கற நேரம், 9 நிமிசம் வருது. நின்ன வண்டில டிஸ்க்கு அவ்ளோ சோம்பேறி. நீங்க யாராவது அளந்தா தயவுசெஞ்சு முதல் ரெண்டு நிமிசத்தைத் தூக்கிப் போட்டுட்டு அப்பறம் கோடு போடுங்க.

அதே 113ல இருந்து உடனே கிளம்பி 50ல ஓட்டினா வேற கதை. ஒரு நிமிசத்துல 72, ரெண்டுல 53, மூணுல 45. இங்கயும் முதல் ரெண்டு நிமிசத்தை விட்டுட்டுப் பாத்தா மாறிலி கிட்டத்தட்ட 2.2 நிமிசம். நிக்கறதை விட நாலு மடங்கு வேகமா ஆறுது. பிரேக் காஞ்சு போச்சுன்னு ஓரமா நிறுத்தி ரெண்டு நிமிசம் டீ குடிக்கறதை விட, பிரேக்கைத் தொடாம ரெண்டு நிமிசம் ஓட்டறது மேல். ஆனா இது சும்மா காஞ்ச டிஸ்க்குக்குத்தான், லிவர் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்குதுன்னா ஆயிலே கொதிச்சிருக்கு, அப்ப நிறுத்தத்தான் வேணும்.

கடைசியா நிமிசத்துக்கு ஒரு பிரேக்குன்னு ஆறு தடவை. ஒரு நிமிசம் ஓட்டினா ஏத்தத்துல சரியா பாதி மிச்சம் இருக்கு, 82ல 41. பாதி பாதியா சேத்துக்கிட்டே போனா ஏத்தம் 164ஐத் தாண்டவே கூடாது, ஆறாவது பிரேக்குக்கு 192னு கணக்கு வருது. ரெண்டாவது பிரேக்குக்கு 154 சரியா வந்துச்சு, மூணாவதும் ஏறக்குறைய சரி. அப்பறம் கணக்கைத் தாண்டிப் போக ஆரம்பிச்சு ஆறாவதுக்கு 203. வண்டிய விட்டு இறங்கறப்பவே லேசா பேடு வாசனை. காரணம் அதே கால் பகுதிதான், முதல் பிரேக்குல அது ஜில்லுன்னு இருந்து சூட்டை வாங்கிக்கிச்சு, அஞ்சு பிரேக்குக்கு அப்பறம் அதுவே காஞ்சு கெடக்கு, வாங்க எடமில்ல. அதனால பாதி மிச்சம்ங்கறது பாதிக்கு மேல மிச்சம்னு மாறிடுது.

80ல இருந்து செய்யணும்னு இருந்தேன், ஒரு பிரேக்குக்கே 150 கிட்ட ஏறணும், ஆனா தோடு அதுக்குள்ள ஓட்டை விழற அளவுக்குத் தேஞ்சுடுச்சு. திரும்பப் பட்டறைக்குப் போகணும், இந்தத் தடவை 0.5 தகடா எடுத்துட்டுப் போறேன். அதுக்கு நடுவுல கொல்லிமலை ஆசை வேற வந்துடுச்சு. 70 கொண்டை ஊசி, சுமார் 1000 மீட்டர் இறக்கம்னு வெச்சா ஒரு வளைவுக்கு 14 மீட்டர், என் 220 கிலோவுக்கு 30 கிலோஜூல் வருது. கிட்டத்தட்ட 60ல இருந்து ஒரு பிரேக்கு, எழுபது தடவை. எஞ்சின் பிரேக்கு எவ்ளோ புடுங்கிக்கும்னு தெரிஞ்சுக்க ரெண்டாவது கியர்ல ஒரு தடவை, மூணாவதுல ஒரு தடவை இறங்கணும். ஆனா முதல்ல பிரேக் ஆயில் மாத்தணும், பழைய ஆயிலோட இந்த விளையாட்டு வேணாம்.