ஃபுளோரைடு பாறையிலிருந்தா, உரத்திலிருந்தா: ரிவ்யூவருக்கு நாங்கள் எழுதிய பதில்

தருமபுரிப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அது ஒரு முக்கியக் காரணம். எங்கள் பேப்பரில் கேட்ட கேள்வி அதைவிடக் குறுகியது. ஒரே ஊரில், பக்கத்துப் பக்கத்தில் ஒரு திறந்த கிணறும் ஒரு ஆழமான போர்வெல்லும் இருக்கும்போது, பெரும்பாலும் போர்வெல் தண்ணீரில்தான் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கிறது. அது ஏன்?

நாங்கள் சொன்ன பதில் இது. ஆழத்தில் உள்ள தண்ணீர் பாறையோடு நெடுநாள் கிடக்கிறது. பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு அதில் இறங்குகிறது. அதே நேரம் தண்ணீரில் உள்ள கால்சியம் கால்சைட்டாகப் படிந்து குறைந்துவிடுகிறது. கால்சியம் குறைந்தால் ஃபுளோரைடு இன்னும் ஏற இடம் கிடைக்கிறது. ஆழமான போர்வெல்களில் ஃபுளோரைடின் முதன்மை மூலம் பாறை என்பதே பேப்பரின் உயிர்நாடி. அது போய்விட்டால் மிச்சம் ஒன்றுமில்லை.

ஜர்னலிலிருந்து மேஜர் ரிவிஷன் என்று பதில் வந்தது. மூன்று ரிவ்யூவர்கள். மூவரில் இரண்டாமவருடைய கருத்துதான் நேராக அந்த உயிர்நாடியைத் தொட்டது. "இது தீவிர விவசாயம் நடக்கும் பகுதி. பாஸ்பேட் உரங்களில் ஃபுளோரைடு உண்டு. அதை ஆசிரியர்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே முடிவு ஏற்கத்தக்கதல்ல" என்று எழுதியிருந்தார்.

முதல் வரைவில் நான் எழுதியது, உரம் காரணமாக இருக்க முடியாது, இந்தப் பகுதியின் பாறை எப்படிப்பட்டது என்பது ஏற்கெனவே தெரிந்ததே என்று, இரண்டே வரி. அதைப் படித்துவிட்டு என் கைடு கேட்டார்: "இதை யாருக்கு எழுதறீங்க? ரிவ்யூவருக்கா, எடிட்டருக்கா?" ரிவ்யூவருக்குத்தானே மேடம் என்றேன். "முடிவு எடுக்கப் போறது எடிட்டர். அவர் நிலத்தடி நீர் ஆளாவே இல்லாம இருக்கலாம். அவருக்கு ரெண்டு பேர்ல யார் சொல்றது சரின்னு இந்தப் பக்கத்தைப் பார்த்தே தெரியணும். அவர் வேற எதையும் தேடிப் போக மாட்டார்." அந்தப் பேச்சுக்குப் பிறகு பதில் முழுவதையும் புதிதாக எழுதினோம்.

முதலில் ரிவ்யூவர் சொன்னதை உண்மையாகவே சோதித்துப் பார்த்தோம். சிங்கிள் சூப்பர் பாஸ்பேட்டில் ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் ஃபுளோரைடு இருக்கும். ஹெக்டேருக்கு 150 கிலோ போடுகிறார்கள் என்று வையுங்கள். ஒன்றரை சதவீதம் என்றால் இரண்டேகால் கிலோ ஃபுளோரைடு. ஆண்டுக்கு 70 மில்லிமீட்டர் மழைநீர் நிலத்துக்குள் இறங்குகிறது என்றால் ஒரு ஹெக்டேரில் 7 லட்சம் லிட்டர். இரண்டேகால் கிலோவும் அதில் முழுசாகக் கரைந்தால் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் வருகிறது. குடிநீருக்கு இந்தியத் தரம் ஏற்கும் அளவு 1 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில்தான் 1.5 வரை அனுமதி. ஆக, அளவை மட்டும் பார்த்தால் ரிவ்யூவரின் சந்தேகம் நியாயமானதுதான். "அளவு மிகக் குறைவு" என்று ஒரு வரியில் தள்ளியிருந்தால், அவர் ஒரு காகிதத்தில் இதே கணக்கைப் போட்டு எங்களை மடக்கியிருப்பார்.

அதனால் அந்தக் கணக்கை நாங்களே பதிலில் வைத்தோம். கொள்கையளவில் உரத்திலிருந்து இவ்வளவு வர முடியும், ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்டது சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு வாதத்தைத் தொடங்கினோம். மறுப்பின் முதல் பத்தியில் எதிராளியின் வலுவான வாதத்தை அவரே சொல்லியிருப்பதைவிட நன்றாகச் சொல்லிவிட்டால், அடுத்து வரும் மறுப்பை எடிட்டர் நம்பிப் படிக்கிறார். இதில் எனக்கு இப்போது கொஞ்சமும் சந்தேகமில்லை.

மறுப்பு மூன்று படியாகப் போனது. உரம் காரணம் என்றால் தண்ணீரில் வேறு என்னென்ன தெரிய வேண்டும் என்பது முதல் படி. சூப்பர் பாஸ்பேட் தனியாகப் போவதில்லை, யூரியாவும் பொட்டாஷும் கூடவே போகின்றன. வயல் தண்ணீர் கீழே இறங்கியிருந்தால் நைட்ரேட்டும் இறங்கியிருக்க வேண்டும். எங்கள் மாதிரிகளில் நைட்ரேட் அதிகமாக இருந்தது திறந்த கிணறுகளில். ஃபுளோரைடு அதிகமாக இருந்தது போர்வெல்களில். இரண்டும் சேர்ந்து ஏறவில்லை.

இங்கேயே நிறுத்தியிருந்தால் ஓட்டை இருந்திருக்கும். ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடும். "நைட்ரேட் வந்தது, வந்த பிறகு அழிந்தது" என்று ரிவ்யூவர் அடுத்த சுற்றில் சொல்லலாம். சொல்லட்டும் என்று காத்திருக்காமல் நாங்களே அதை எழுதி, குளோரைடைக் காட்டினோம். குளோரைடை எந்த நுண்ணுயிரும் தின்பதில்லை. பொட்டாஷ் உரத்திலிருந்து வந்ததும், பாசனத் தண்ணீர் ஆவியாகிக் கெட்டிப்பட்டதும் அப்படியே தங்கும். ஃபுளோரைடு அதிகமான போர்வெல்களில் குளோரைடு, பக்கத்துத் திறந்த கிணற்றைவிடக் குறைவாகவே இருந்தது. இதற்காகப் புதிதாக எதையும் அளக்கவில்லை. அட்டவணையில் எண்கள் ஏற்கெனவே இருந்தன. ஜோடி ஜோடியாக எடுத்து ஒரு படமாகப் போட்டதுதான் புதிது.

இரண்டாவது படி கால்சியம். கால்சியம் ஃபுளோரைடு ஓரளவுக்கு மேல் தண்ணீரில் கரையாது. தோராயக் கணக்கில், லிட்டருக்கு 40 மில்லிகிராம் கால்சியம் இருந்தால் ஃபுளோரைடு 3 மில்லிகிராம் வரை நிற்கும். கால்சியம் 10 ஆகக் குறைந்தால் அந்த உச்சவரம்பு 6 ஆகிவிடும். PHREEQC என்ற நீர் வேதியியல் மென்பொருளில் சரியாகக் கணக்கிட்டபோது, ஃபுளோரைடு அதிகமான கிணறுகள் இந்த வரம்பை ஒட்டியே நின்றன. அவற்றில் சோடியமும் பைகார்பனேட்டும் ஓங்கியிருந்தன. ஆனால் இது எதைக் காட்டாது என்பதையும் பதிலில் எழுதினோம். ஃபுளோரைடு எங்கிருந்து வந்தாலும் இந்த உச்சவரம்பு ஒன்றேதான். எவ்வளவு ஏறலாம் என்பதற்குத்தான் இது சான்று, எங்கிருந்து வந்தது என்பதற்கு அல்ல. என்னுடன் எழுதிய ஒருவருக்கு இந்த வரியில் சம்மதமில்லை, நம் வாதத்தை நாமே ஏன் பலவீனப்படுத்த வேண்டும் என்றார். அந்த வரி இருக்கட்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு சான்றுக்கு அதன் எல்லையைத் தாண்டிய வேலை கொடுத்தால், விவரம் தெரிந்த ரிவ்யூவர் அந்த ஒரு இடத்தைப் பிடித்தே மற்றதையும் சந்தேகிப்பார்.

மூன்றாவது, காட்டை ஒட்டிய போர்வெல்கள். மேட்டில், சுற்றிலும் காடு, அவற்றுக்கு மேலே விவசாயமே கிடையாது. அவற்றிலும் ஃபுளோரைடு உயர்ந்தே இருந்தது. எண்ணிக்கையில் சிலதான் என்பதைச் சொல்லிவிட்டே இதைக் கடைசியாக வைத்தோம். இதை மட்டும் வைத்து முடிவு சொன்னால் தாங்காது. முதல் சான்றோடு சேரும்போது வலுவானது.

பத்தியின் கடைசியில், பேப்பரில் எந்த வரி எப்படி மாறியது என்பதை வரி எண்ணோடு கொடுத்தோம். கடிதம் ஆங்கிலத்தில்தான் போனது. அந்தப் பகுதியின் சாரம் இது:

"உர மூலத்தைப் பற்றிய கேள்விக்கு நன்றி. மேலே உள்ள கணக்கு காட்டுவது போல் இது சோதிக்க வேண்டிய ஒன்றே, இப்போது 4.3 பிரிவில் சோதித்திருக்கிறோம். ஆழமான போர்வெல்களைப் பொறுத்தவரை சான்றுகள் பாறை மூலத்தையே ஆதரிக்கின்றன என்பதால் அந்த முடிவை வைத்துக்கொள்கிறோம். திறந்த கிணறுகளில் உரத்தின் பங்கை எங்கள் தரவுகளால் விலக்க முடியாது. அதை 412ஆம் வரியில் சேர்த்திருக்கிறோம்."

"முடிவை வைத்துக்கொள்கிறோம்" என்பதைச் சுற்றி வளைக்காமல் எழுதியதுதான் முக்கியம். பணிவு என்ற பெயரில் "ஒருவேளை", "இருக்கக்கூடும்" என்று நான்கைந்து சேர்த்தால், ஆசிரியர்களே பின்வாங்கிவிட்டார்கள் என்று எடிட்டர் நினைத்துவிடுவார். அதே மாதிரி "ரிவ்யூவர் தவறாகப் புரிந்துகொண்டார்" என்று எங்கேயும் எழுதவில்லை. முதலாமவர் ஒரு இடத்தில் உண்மையிலேயே ஒரு அட்டவணையை மாற்றிப் படித்திருந்தார். "தலைப்பில் அலகு தெளிவாக இல்லை, திருத்தியிருக்கிறோம்" என்று எழுதி, சரியான எண்ணைக் கொடுத்தோம். அவர் படித்தது போல் இன்னொரு வாசகரும் படிக்கக்கூடும் அல்லவா.

அதே முதலாமவர் எங்கள் ஃபுளோரைடு வரைபடத்தையும் கேள்வி கேட்டிருந்தார். கிணறுகளுக்கு நடுவில் அளக்காத இடங்களை மென்பொருள் மதிப்பிட்டு வண்ணம் தீட்டிய படம் அது. வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் ஓடும் கடினப்பாறையில், பக்கத்துக் கிணற்றை வைத்து நடுவில் உள்ளதைச் சொல்ல முடியாது என்றார். இதற்கு வாதாடவே இல்லை. அந்தப் படம் இல்லாமலே எங்கள் முடிவு நிற்கும். எடுத்துவிட்டு, அளந்த இடங்களை மட்டும் புள்ளிகளாகப் போட்டோம். கண்ணுக்கு அழகான படம்தான், கொஞ்சம் வருத்தமும் இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் சண்டை போடும் கடிதத்தில், எது நிஜமாகவே விட முடியாதது என்று எடிட்டருக்குத் தெரியாது. அதனால்தான் தொடங்கும் முன்பே எல்லாக் கருத்துகளையும் ஒரு தாளில் எழுதி, எவை முடிவைத் தொடுகின்றன என்று பிரித்துக்கொண்டோம். தொட்டவை மிகக் கொஞ்சம்.

மூன்றாமவர் "புதுமை இல்லை" என்று ஒரே வரியில் முடித்திருந்தார். இப்படிப்பட்ட கருத்துக்கு "எங்கள் ஆய்வு மிக முக்கியமானது" என்று பதில் எழுதுவது வீண். ஒரே ஊரில் ஜோடியாகக் கிணறுகளை ஒப்பிட்டதால், பாறையும் மழையும் பயிரும் மாறாமல் ஆழம் மட்டும் மாறும் ஒப்பீடு கிடைக்கிறது என்று சொல்லி, அதை முன்னுரையின் கடைசிப் பத்திக்கு நகர்த்தினோம். முன்பு அது செய்முறைப் பகுதியில் புதைந்து கிடந்தது. அவர் சேர்க்கச் சொன்ன கட்டுரைகளில் பொருந்தியவற்றைச் சேர்த்தோம். பொருந்தாதவற்றை ஏன் சேர்க்கவில்லை என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினோம்.

இரண்டாம் சுற்றில் இரண்டாமவர் மட்டும் திரும்பவும் எழுதினார். குளோரைடு ஒப்பீட்டை ஏற்றுக்கொண்டார். ஆனால் சுருக்கத்தில் வெறுமனே "நிலத்தடி நீர்" என்று இருப்பதை "ஆழமான போர்வெல் நீர்" என்று மாற்றச் சொன்னார். முடிவின் எல்லையைத் துல்லியமாகச் சொல்லும் திருத்தம் அது. அன்றைக்கே மாற்றி அனுப்பினோம். "முதன்மை மூலம் பாறை" என்ற சொற்கள் அச்சில் அப்படியே வந்தன.