மத்யமம் யாருடையது?

வரவேற்பு முடிந்து வாரங்கள் ஆகிவிட்டன. மாமா கேட்டது இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது: “ஒத்திகையில மத்யமத்தை விட்டுட்டே, மேடையில பிடுங்கிட்டே. இதுக்கு என்னதான் கணக்கு, தம்பி?”

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த் கோயிலில் பல வருஷமாகத் தேவாரம் பாடுகிறவர் அவர். அவர் கட்டிய பாட்டு அரிகாம்போதி, ஆதார சுருதி ஸி. கீபோர்டில் நான் பல்லவி முழுக்க ஒரே கார்டை, பல ஸ்வரம் ஒன்றாக ஒலிக்கும் கூட்டை, வைத்திருந்தேன்: ஸி தர்ட்டீன். ஸவிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக ஏறினால் ஸ, க, ப, நி. அதுவரை செவன்த். மேல் ஸ்தாயியில் அதே மாதிரி தொடர்ந்தால் ரி ஒன்பதாவது, ம பதினொன்றாவது, த பதிமூன்றாவது. ஆக ராகத்தின் ஏழு ஸ்வரமும் ஒரே கார்டுக்குள் வந்துவிடுகிறது. காகிதத்தில் பார்க்க அழகு. ஏழையும் ஒன்றாக அமுக்கினால் சேறு.

அதனால் யாரும் ஏழையும் வாசிப்பதில்லை. ஸ பேஸ் கிட்டார் பையனிடம் இருக்கிறது, எனக்கு எதற்கு? பவையும் விடலாம். அது அவன் அடிக்கும் ஸவின் நாதத்துக்குள்ளேயே ஒலிக்கிறது, கார்டின் குணத்தையும் மாற்றுவதில்லை. (ஃபிளாட் ஃபைவ், ஷார்ப் ஃபைவ் என்று எழுதியிருந்தால் மட்டும் விடக்கூடாது, அங்கே அந்த ஸ்வரம்தான் விஷயமே.) க, நி இரண்டும் வேண்டும், கார்டின் முகம் அவைதான். தர்ட்டீன் என்று சொல்லிவிட்டுத் தவை விட முடியாது. நிறத்துக்கு ரி. மிச்சம் இருப்பது ம. அதை எடுத்துவிடுவது வழக்கம். எனவே இடது கையில் க, நி. வலது கையில் ரி, த. நான்கே விரல்.

ஒத்திகையில் மாமா காதைச் சாய்த்துக் கேட்டார். “மத்யமம் எங்கே? அது இல்லாம அரிகாம்போதியா?” நான் வாதாடவில்லை. கீழே கவை அமுக்கி, ஒரு ஸ்தாயி தாண்டி மேலே மவை அமுக்கிக் காட்டினேன். நடுவே பதிமூன்று செமிடோன், மைனர் நைன்த். முகத்தைச் சுளித்தார். “பாடும்போது ரெண்டும் அடுத்தடுத்து வரும் மாமா, இனிக்கும். இங்கே ஒரே நேரத்தில நிக்குது.” சரி என்றார். இன்று யோசித்தால் அவர் ஒப்புக்கொண்டது சத்தத்தைத்தான், காரணத்தை அல்ல.

மேடையில் அனுபல்லவி முடிந்து பல்லவிக்குத் திரும்பியவர், ஒத்திகையில் தொட்டுவிட்டு இறங்கிய மவில் போய் நின்றுகொண்டார். கார்வை நீள்கிறது. கீழே என் க, மேலே அவர் ம. ஒத்திகையில் நான் காட்டிய அதே மைனர் நைன்த், இப்போது ஸ்பீக்கர் வழியாக. முன்வரிசைக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது, யாரோ சுருதி விலகுகிறார்கள் என்றுதான் பட்டிருக்கும். அந்த யாரோ பாடுகிறவராகத்தான் இருப்பார் என்றும் நினைப்பார்கள். நான் கவை விட்டு மவுக்கு விரலை நகர்த்தினேன். நி, ரி, ம, த, கீழே பேஸின் ஸ. லெவன்த் கார்டை அநேகம் பேர் வாசிப்பதே இப்படித்தான், கவை விட்டுவிட்டு. உரசல் உடனே போனது. அவர் கவுக்கு இறங்கியபோதும் என் ம கீழேயே இருந்தது. இடித்ததா? இல்லை. ம கீழும் க மேலும் இருந்தால் பதினொரு செமிடோன், மேஜர் செவன்த். அது மெத்தென்று இருக்கும். அதே இரண்டு ஸ்வரம்தான், யார் மேலே என்பதில்தான் வித்தியாசம்.

எனக்கு அது நல்ல முடிவாகவே பட்டது, இப்போதும் படுகிறது. ஆனால் மேடையை விட்டு இறங்கியதும்தான் அந்தக் கணக்குக் கேள்வி வந்தது, கூடவே இன்னொன்றும். “நான் நிக்கிற இடத்துல நீயும் வந்து நின்னா நான் எதுக்கு?”

ஸவை விட்டதற்கு நான் சொன்ன நியாயம் பேஸ் அதை வைத்திருக்கிறது என்பது. அந்த நியாயத்தைக் கடைசிவரை பிடித்தால், மவைப் பாடகர் வைத்திருக்கும்போது நான் மவையும் வாசித்திருக்க வேண்டாம். கவை எடுத்துவிட்டு நி, ரி, த மூன்றோடு நின்றிருக்கலாம். மாமா சொல்வது இதைத்தான், தியரியின் பெயர் தெரியாமல். ஆனால் கவும் மவும் இல்லாத அந்த மூன்று ஸ்வரம், அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் நடுவே ஓட்டையோடு தொங்கும். அந்த ஓட்டையை அடைக்க வேண்டியவன் நான். அவருக்கு அந்த இடைவெளி காதில் விழாது, அப்போது அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

பேஸ் பையனைக் கேட்டேன். “ரெண்டு பேரும் சரிதாண்ணா,” என்றான். அவனை எதற்குக் கேட்டேனோ.

இப்போது சார்ட்டில் அந்த வரிக்கு மேல் பென்சிலால் ‘ஸஸ்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், கவுக்குப் பதில் ம என்று அர்த்தம். போன சனிக்கிழமை அதே பாட்டு. மாமா மவைத் தொடவே இல்லை, நேரே பவில் போய் நின்றார். நான் விட்டுவைத்திருந்த ஸ்வரம் அது.