இருமல் நாள்கள்

ஜனவரி 6
நிமோனியாக் காய்ச்சல் விட்டுப் பதினோரு நாள்கள் ஆகிவிட்டன. இருமல் விடவில்லை.

ஜனவரி 8
இன்னொரு சுற்று ஆன்டிபயாட்டிக் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கெஞ்சினேன், அவர் மறுத்துவிட்டார். நிமோனியாவில் காய்ச்சல் ஒரு வாரத்தில் அடங்கும் என்றும், சளி குறைய ஒரு மாதமும் இருமல் பெருமளவு தணிய ஆறு வாரங்களும் ஆகலாம் என்றும், களைப்பு மூன்று மாதங்கள்கூட நீடிக்கலாம் என்றும் சொன்னார். கிருமி அடங்கிய பின்னும் மூச்சுக்குழாயின் உட்பரப்பு புண்பட்டே இருப்பதால், அங்குள்ள நரம்புகள் சிறு தூசிக்கும் சீறுகின்றனவாம். அதற்கு ஆன்டிபயாட்டிக்கால் பயனில்லை. ஆனால் இரண்டு வாரங்களைத் தாண்டிய இருமல் யாருக்கு இருந்தாலும் காசநோய்க்குச் சளியைச் சோதித்துவிட வேண்டும் என்றார். லெவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகளை இடையில் விழுங்கினால் காசநோய் அரைகுறையாக அமுங்கி, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும் என்று அவர் சொன்னபோது, நான் கேட்டு வாங்க இருந்தது அதே மாத்திரைதான் என்பது உறைத்தது.

ஜனவரி 9
விடியற்காலையில், பல் துலக்குமுன், வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு டப்பாவில் துப்பிக் கொண்டுபோனேன். ஆய்வகப் பெண் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது எச்சில் ஐயா, சளி வேணும்" என்று திருப்பித் தந்துவிட்டார். மூன்று முறை மூச்சை ஆழ இழுத்து, அடிவயிற்றிலிருந்து இருமிய பிறகுதான் கெட்டியாக ஒரு துளி வந்தது.

ஜனவரி 12
காசநோய்க் கிருமி இல்லை.

ஜனவரி 15
பொங்கலன்று வடைக்குச் சட்னி தாளித்தார்கள். மிளகாய் வற்றல் நெடி கூடத்துக்கு வந்ததும் பத்து நிமிடம் இருமினேன். கண்ணில் நீர் வழிந்தது. சிரித்தாலும், போனில் நீளப் பேசினாலும் இதே கதைதான். ஆயினும் நெடி போனதும் இருமல் நின்றது, மூச்சு வாங்கவில்லை. காரணம் தெரிகிற இருமல் என்னை அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை.

ஜனவரி 21
நள்ளிரவில் சட்டை நனைந்திருந்தது. காய்ச்சல் திரும்புவதும், சளியில் இரத்தம் தெரிவதும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைப்பதும், எடை குறைவதும் காத்திருக்கக் கூடாதவை என்று எழுதி ஒட்டியிருந்த தாளை எடுத்துப் படித்தேன். வெப்பமானி 98.4 காட்டியது. மின்வெட்டில் விசிறி நின்றிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். ஆனாலும் விடிந்ததும் எடை பார்த்தேன்: 61 கிலோ, போன வாரம் இருந்ததே.

ஜனவரி 30
நேற்றிரவு ஒரே ஒரு முறைதான் விழித்தேன்.

பிப்ரவரி 2
ஆறு வாரம் நிறைந்தது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கும் புகைத்தவர்களுக்கும் இப்போது மறுபடியும் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். படத்தில் நுரையீரல்மேல் தெரிந்த நிழல் கலையாமல் நின்றால் அதற்குப் பின்னால் கட்டி ஏதும் மறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். எனக்கு இரண்டும் பொருந்தும். வயதானவர்களுக்கு நிழல் கலைய இன்னும் சில வாரங்கள் பிடிக்கும் என்றும் மருத்துவர் சொன்னார். அந்த வாக்கியத்தையே காலையிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறேன். பழைய படத்தை உறையில் போட்டு வைத்துவிட்டேன். நாளை ஒன்பது மணிக்கு எக்ஸ்ரே.