அழுகை நின்ற பிறகு

(என் மனைவி படித்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே இந்த நாட்குறிப்புகளைப் பதிவிடுகிறேன்.)

2024 ஜூன் 9, ஞாயிறு, தஞ்சாவூர்

பையன் பிறந்து நான்கு நாள். சிசேரியன் என்பதால் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம். நேற்று மாலையிலிருந்து அவள் அழுகிறாள். இட்லி ஆறிப்போனதற்கு அழுதாள். பையன் கொட்டாவி விட்டதைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள்.

அத்தைக்குக் கோபம். "பச்ச உடம்புக்காரி அழக் கூடாதுடி, பால் வத்திரும்."

டிரிப்ஸ் மாற்ற வந்த சிஸ்டர்தான் என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும், மாதக்கணக்கில் ஏறியிருந்த ஹார்மோன்கள் ஓரிரு நாளில் சரசரவென்று இறங்கிவிடுமாம். இரண்டாம் மூன்றாம் நாளில் அழுகை தொடங்கும், நாலைந்தாம் நாளில் உச்சம். பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு இது வரும், பெயர் பேபி ப்ளூஸ். மருந்து தேவையில்லை, தூக்கமும் பக்கத்தில் ஆளும் போதும். "ரெண்டு வாரத்துல போயிரும் சார். போகலைன்னா கூட்டிட்டு வாங்க."

போன் காலண்டரில் ஜூன் 19-ஐக் குறித்து வைத்தேன்.

ஜூன் 20, வியாழன், ஓசூர்

அவள் மன்னார்குடியில், தாய் வீட்டில். நான் இங்கே ஷிப்டில். ஒரு நாள் தாமதமாக எழுதுகிறேன், ஆனால் நல்ல சேதி. அழுகை நின்றுவிட்டது. நேற்று பேசும்போது குரல் அமைதியாக இருந்தது. சிஸ்டர் சொன்ன கணக்கு சரியாகப் போயிற்று.

ஜூலை 3, புதன், ஓசூர்

ஏதோ சரியில்லை. எது என்று சொல்லத் தெரியாமல், வாட்ஸப்பில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன்.

ஜூன் 22 வரை பையன் போட்டோக்களை அவள் அனுப்பினாள். அதன் பிறகு வந்ததெல்லாம் அத்தையின் நம்பரிலிருந்து. இரவு இரண்டரை, மூன்றே கால், நான்கு என்று அவள் ஆன்லைனில் இருந்திருக்கிறாள். பையன் எழுப்புகிறான் என்று நினைத்திருந்தேன். இன்று கேட்டால், "அவன் தூங்கிட்டுத்தான் இருந்தான். எனக்குத்தான் வரல" என்கிறாள். தினமும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பவள் அதைக் கேட்டே பத்து நாளாகிறது.

அழாதவளை நலமாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அழுகையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த முட்டாள்தனம் இப்போது உறைக்கிறது. அந்த இரண்டு வாரக் கணக்கு ப்ளூஸுக்கு மட்டும்தான். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ப்ளூஸ் தேயாமல் நீண்டும் வரலாம், அது அடங்கிய பிறகு தனியாகவும் தொடங்கலாம், முதல் ஒரு வருடத்தில் எப்போது வேண்டுமானாலும். கவனிக்காமல் விட்டால் மாதக்கணக்கில் நிற்கும், சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும்.

ஜூலை 6, சனி, மன்னார்குடி

இரவு பஸ் பிடித்து வந்தேன். வெளியே இருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. நேரத்துக்குப் பால், நேரத்துக்குத் துணி மாற்றுதல். ஆனால் பையன் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை. பூண்டுக் குழம்பும் சோறும் தட்டில் அப்படியே இருந்தன. ஒரு மணி நேரத்தில் மூன்று முறை அவன் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள்.

மதியம் அத்தை கோயிலுக்குப் போனதும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னாச்சு" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். அதனால், "நீ ராத்திரி தூங்கறதில்ல, சாப்பிடறதில்ல, எனக்குத் தெரியுது. உன் தப்புன்னு நான் நெனைக்கல" என்றேன்.

நெடுநேரம் கழித்து, "இவனுக்கு வேற அம்மா கெடச்சிருக்கலாம்" என்றாள்.

கேட்கவே நாக்கு எழவில்லை, ஆனாலும் கேட்டேன். "செத்துப் போகலாம்னு தோணுதா?" கேட்பதால் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது, கேட்காவிட்டால்தான் அது உள்ளேயே கிடக்கும்.

"சாகணும்னு இல்லைங்க. தூங்கினா எழுந்திரிக்காம இருந்தாப் போதும்னு தோணுது."

இதைச் சாதாரணமாக விட முடியாது. மாமாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளையெல்லாம் எடுத்து பீரோவில் பூட்டினேன். அவளைத் தனியே விட வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னேன். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ வீட்டில் எல்லோர் போனிலும் போட்டு வைத்தேன். எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ஜூலை 8, திங்கள், தஞ்சாவூர்

மனநல மருத்துவரைப் பார்த்தோம். எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள், தமிழிலேயே இருக்கிறது. கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று கேட்கும், மொத்தம் 30 மதிப்பெண். அவளுக்கு 17. மொத்தம் குறைவாக வந்தாலும், பத்தாவது கேள்விக்கு, அதாவது தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணத்துக்கு, பூஜ்யத்துக்கு மேல் போனால் அன்றே பேச வேண்டும் என்றார். இவளுக்கு அதில் 1.

வேறு சிலவும் கேட்டார். தூங்காமலே களைப்பில்லாமல் துள்ளலாக இருக்கிறாளா, காதில் குரல் கேட்கிறதா, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை ஏதாவது? இல்லை. இருந்தால் அது வேறு நோயாம், ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் உடனே அட்மிட் செய்ய வேண்டியது. ரத்தசோகையும் தைராய்டும் இதே மாதிரி காட்டும் என்று ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு சரி. ஹீமோகுளோபின் 9.1, இரும்பு மாத்திரை சேர்ந்தது.

மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் மாத்திரை, குறைந்த அளவில் தொடக்கம். வாரம் ஒரு முறை கவுன்சலிங். "பால் கொடுக்கறவளுக்கு மாத்திரையா?" என்று அத்தை தவித்துப்போனார். பாலில் இது மிகக் குறைவாகவே போகும், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்று டாக்டர் அவரிடமே விளக்கினார். அத்தையை உள்ளே கூட்டிப்போனது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். வீட்டில் என் சொல் எடுபட்டிருக்காது.

ஜூலை 15, திங்கள், மன்னார்குடி

சம்பளமில்லா விடுப்பு. டாக்டர் எனக்கென்று சொன்ன வேலை ஒன்றுதான்: அவளுக்கு விட்டுவிட்டு இல்லாமல் ஒரேயடியாக நாலைந்து மணி நேரத் தூக்கம். இரவு பத்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் உள் அறைக்குப் போய்விடுவாள். மூன்று வரை பையன் என் பொறுப்பு. பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்த பாலை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கி, பாலாடையில் புகட்டுகிறேன். முதல் இரண்டு இரவு பாதி என் லுங்கிக்குத்தான் போயிற்று.

பார்க்க வருபவர்களைத் திண்ணையோடு நிறுத்துவதும் என் வேலை. "நாங்கல்லாம் அஞ்சு பெத்தோம்" என்று தொடங்கிய பெரியம்மாவுக்கு மாமாவே காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

பிழையும் செய்தேன். "பையனைப் பாரு, எவ்ளோ அழகு, சந்தோஷப்பட வேண்டாமா?" என்றேன். அன்று முழுக்க அவள் பேசவில்லை. சந்தோஷம் வரவில்லையே என்பதுதானே அவள் குற்ற உணர்ச்சி, அதிலேயே குத்தியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாத்திரை தொடங்கி நான்கு வாரம். முதல் பத்து நாள் ஒரு மாற்றமும் இல்லை, நிறுத்திவிடலாமா என்றாள். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தோம். முதலில் திரும்பியது தூக்கம், பிறகு பசி. பையன் மீதான ஆசை இன்னும் முழுதாக வரவில்லை, அதை மறைக்காமல் சொல்கிறாள். எடின்பரோவில் 11. பத்தாவது கேள்விக்குப் பூஜ்யம்.

செப்டம்பர் 15, ஞாயிறு, ஓசூர்

போன வாரம் எடின்பரோவில் 6. நன்றான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மாத்திரை தொடர வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். அத்தைதான் இப்போது தினமும் எடுத்துக் கொடுக்கிறார்.

இன்று காலை ஏழு மணிக்கு அவள் நம்பரிலிருந்து ஒரு போட்டோ. பையன் கால் கட்டைவிரல் மட்டும், அதுவும் ஆடிப்போன படம். கீழே, "சாப்பிட்டீங்களா?"