மௌனத்துக்கு ஒரு கோடு

பட்டறைக்கு வந்த வண்டியில் U0121 என்ற பழுதுக் கோடு ஸ்கேனரில் வந்தவுடனேயே மேற்பார்வையாளர் அண்ணன் முடிவு கட்டிவிட்டார். “ஏபிஎஸ் மாட்யூல் போய்விட்டது தம்பி, வாரண்டியில் எழுதிவிடு.”

அந்தக் கோடு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் மாட்யூல் போட்டதல்ல. இன்ஜின் மாட்யூலும் ஸ்டியரிங் மாட்யூலும் “அவரிடமிருந்து தகவல் வரவில்லை” என்று குறித்து வைத்தது. மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் இணைப்பில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏபிஎஸ் சக்கர வேகத்தை ஓர் அடையாள எண்ணோடு இரண்டு கம்பிகளில் தண்டோரா போடுகிறது; ஸ்பீடோமீட்டரும் ஸ்டியரிங்கும் வேண்டியதை எடுத்துக்கொள்கின்றன. அது நின்றதால்தான் முள் பூஜ்யத்துக்கு விழுந்தது, ஸ்டியரிங்கின் கனமும் மாறியது. ஆள் இல்லாமலும் இருக்கலாம், வழி அடைபட்டும் இருக்கலாம். கோடு இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் அந்த இரண்டு கம்பிகளும் வந்து சேரும் 6, 14 ஆகிய பின்களுக்கு நடுவே அளந்தேன். 60 ஓம் வரவேண்டிய இடத்தில் 120 வந்தது. கேன் கம்பிகளின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று உண்டு. இரண்டும் பக்க இணைப்பில் சேர்ந்தால்தான் 60. ஒன்றைக் காணோம். சும்மா இருக்கும்போது இரு கம்பிகளும் 2.5 வோல்ட்டில் நிற்கும்; யாராவது பேசினால் ஒன்று 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். பேசி முடித்ததும் இரண்டையும் பழையபடி சேர்ப்பது இந்த மின்தடைகள்தான். ஒன்று போனால் சமிக்ஞை முனையில் மோதித் திரும்பும், அடங்கவும் தாமதமாகும். வண்டி ஒரேயடியாகச் சாகாது. ஒருநாள் ஓடும், ஒருநாள் விளக்கெல்லாம் எரியும்.

அந்த மாடலில் ஒரு மின்தடை ஏபிஎஸ் மாட்யூலுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே போகும் வயரை அசைத்தேன். மீட்டர் 60க்கு வந்தது, விட்டதும் 120. கனெக்டரைக் கழற்றினால் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு. மாட்யூலை மேசையில் வைத்து அதன் பின்களில் அளந்தபோது 120 ஓம், அசையாமல் நின்றது.

“பார்த்தீர்களா அண்ணா, மாட்யூல் நன்றாக இருக்கிறது” என்றேன்.

“இப்போது ஆறிக் கிடக்கிறது. உள்ளே சால்டர் விரிசல் இருந்தால் சூட்டில்தானே திறக்கும்? வயரை அசைத்தபோது மாட்யூலும் அசைந்திருக்குமே?”

எனக்குப் பதில் வரவில்லை. களிம்பைத் துடைத்து, புது மாட்யூலைப் பொருத்தினோம். 60 ஓம் நிலையாக வந்தது. அவர் சொன்னது சரி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மாட்யூலை மாற்றவேண்டும் என்றாலே கனெக்டரைக் கழற்றி மாட்டியாக வேண்டும்; துடைத்தும் மாட்டினோம். எது குணப்படுத்தியது என்று அந்த வேலையே மறைத்துவிடுகிறது.

பழைய மாட்யூலையே திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்திருந்தால் விடை கிடைத்திருக்கும். அது அன்று மாலையே வாரண்டிக்குப் போய்விட்டது. பிரேக் சம்பந்தப்பட்ட பொருளில் சந்தேகத்தோடு வண்டியை அனுப்புவதா என்று அவர் கேட்டதும் நியாயம்தான். அதே நியாயம் வாரண்டி முடிந்த வண்டிக்காரரிடம் செல்லுமா? ஜாப் கார்டில் “மாட்யூல் பழுது” என்றே இருக்கிறது. களிம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுத அவர் சம்மதிக்கவில்லை.