பத்து இரவுக் கூத்துக்கு எத்தனை ஜிபி வேண்டும்?

செய்யாறு பக்கத்து ஊர் ஒன்றில் திரௌபதி அம்மன் திருவிழாவின் கூத்து முழுவதையும் தனித்தனி டிராக்காகப் பதிவு செய்து முடித்துவிட்டேன். டிஸ்க் வாங்கும் முன் தாளில் போட்ட கணக்கு 482 ஜிபி. கடைசியில் வந்து சேர்ந்தது 471. இரண்டு இரவு கூத்து சீக்கிரம் முடிந்ததால்தான் அந்த வித்தியாசம். இவ்வளவு நெருக்கமாக வந்ததில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மைக் வைத்த விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடிகர்களுக்கு மேலே தொங்கவிட்டது மூன்று. அப்புறம் ஆர்மோனியம், முகவீணை, மத்தளம், டோலக், தாளத்தோடு பின்பாட்டு என்று ஆளுக்கு ஒன்று. மொத்தம் எட்டு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மத்தியானம் நடக்கும் பாரதப் பிரசங்கத்துக்கு ஒரே மைக், ஒரே டிராக். அங்கே ஸ்டீரியோ வைத்தால் இடம் இரண்டு மடங்கு போகும், காதுக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காது.

ஒரு டிராக்குக்கு நொடிக்கு 48,000 சாம்பிள், ஒவ்வொன்றும் 3 பைட். ஆக நொடிக்கு 1,44,000 பைட், மணிக்கு 518.4 எம்பி. இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் பெருக்கல்தான். எட்டு மைக் என்றால் மணிக்கு 4.15 ஜிபி என்று தோன்றும்.

இங்கேதான் நிற்க வேண்டும். எத்தனை மைக் என்பது கணக்கில் வராது, ரிக்கார்டர் எத்தனை டிராக் எழுதுகிறது என்பதுதான் வரும். நான் பயன்படுத்துவது ஜூம் எஃப்8என். எட்டு உள்ளீடு உள்ள பெட்டிதான், ஆனால் எட்டையும் கலந்த இடது வலது மிக்ஸ் ஒன்றையும் சேர்த்து எழுதச் சொன்னால் பத்து டிராக் எழுதும். அப்போது மணிக்கு 5.18 ஜிபி, எட்டுக்குப் போட்ட கணக்கைவிடக் கால்பங்கு அதிகம். ஒரு இரவுக்கு இது பெரிதாகத் தெரியாது, பத்து இரவு சேர்ந்தால் 90 ஜிபிக்கு மேல் போய்விடும். இப்படி மிக்ஸையும் சேர்த்து எழுதும் ரிக்கார்டர்கள் வேறும் உண்டு. அதனால் பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணை நான் நம்புவதே இல்லை. நிஜத்தில் எந்த அமைப்பில் பதிவு செய்யப் போகிறேனோ அதே அமைப்பில் ஒரு நிமிடம் பதிவு செய்து, கோப்பிடமே கேட்டுவிடுவேன்:

```
ffprobe -v error -show_entries stream=sample_rate,channels,bits_per_sample,bit_rate -of default=nw=1 test.wav
```

எனக்கு வந்த பதில்:

```
sample_rate=48000
channels=10
bits_per_sample=24
bit_rate=11520000
```

கடைசி வரி நொடிக்கு எத்தனை பிட் என்பது. எட்டால் வகுத்தால் 14,40,000 பைட். 3600-ஆல் பெருக்கினால் மணிக்கு 5.184 ஜிபி. இந்தக் கட்டளை இல்லாதவர்கள் விண்டோஸில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து Properties பார்க்கலாம். ஒரு நிமிடக் கோப்பு 8.64 கோடி பைட்டை ஒட்டி இருந்தால் பத்து டிராக், 6.91 கோடி என்றால் எட்டு. பக்கத்தில் எம்பி என்று காட்டும் எண்ணைப் பார்க்காதீர்கள். விண்டோஸ் அதை 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது, 86.4 அங்கே 82.4 ஆகிவிடும். ஒரு டிபி டிஸ்க் கணினியில் 931 ஜிபி என்று தெரிவதும் இதனால்தான். டிஸ்க் அட்டைப்பெட்டியின் மேல் போடும் ஜிபி ஆயிரக் கணக்கு. நம் கணக்கையும் ஆயிரத்திலேயே போட்டுவிட்டால் இரண்டும் நேராகப் பொருந்தும்.

சரி, முழுக் கணக்கு. இரவுக்கு ஒன்பது மணி நேரம், பத்து இரவு, ஆக 90 மணி. 5.184-ஆல் பெருக்க 467 ஜிபி. பிரசங்கம் 30 மணி, ஒரே டிராக், 15.5 ஜிபி. கூட்டினால் 482. இது 500 ஜிபி டிஸ்க்கில் அடங்கிவிடும் என்று அதை வாங்கினால் வேலை செய்ய இடம் இருக்காது. ஒலியைத் திருத்த நான் திறக்கும் அடாசிட்டி வழக்கமாக எதையும் 32 பிட் ஃப்ளோட்டாக மாற்றித்தான் வைத்துக்கொள்ளும். 47 ஜிபி இரவு உள்ளே போனதும் 62 ஆகும். போதாக்குறைக்கு ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய பிரதியை Undo-வுக்காகப் பிடித்து வைத்திருக்கும். ஒரு நேரத்தில் ஒரு இரவைத்தான் திறப்பேன் என்று வைத்தாலும் 150 ஜிபி ஒதுக்கினால்தான் நிம்மதி. மிக்ஸ் செய்து முடித்த ஸ்டீரியோ இன்னொரு 93. ஆக ஒரு டிபியில் இரண்டு டிஸ்க், இரண்டாவது பிரதிக்கு. ரிச்சி தெருவில் வாங்கினேன்.

கூத்தாடிய ஜமாவில் உள்ளவர்களுக்குப் பென் டிரைவில் கொடுக்கும் எம்பி3க்குக் கணக்கு வேறு மாதிரி. 192 கேபிபிஎஸ் என்பது இடது வலது இரண்டுக்கும் சேர்த்த அளவு. அதை மறுபடி இரண்டால் பெருக்கக் கூடாது. எட்டால் வகுத்தால் நொடிக்கு 24,000 பைட், மணிக்கு 86.4 எம்பி, 90 மணிக்கு 7.8 ஜிபி. எட்டு ஜிபி பென் டிரைவில் மயிரிழையில் அடங்கும், 16 வாங்குவது நல்லது.

டிஸ்க்கைவிட மெமரி கார்டில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. சாதாரண இரவுக்கு 64 ஜிபி தாராளம். ஆனால் கடைசி இரவு பதினெட்டாம் போர், விடிந்த பிறகு அப்படியே படுகளத்துக்குப் போகும். துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஆட்டம் நடக்கும்போது ரிக்கார்டரை நிறுத்த எனக்கு மனசு வராது. பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 62.2 ஜிபி. 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய இருபது நிமிடம்தான் மிச்சம் இருக்கும். அந்த ஒரு இரவுக்காகவே 128 வாங்கினேன். வாங்கியதும் F3 என்ற மென்பொருளால் கார்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்தேன். போலிக் கார்டு 128 என்று காட்டும், உண்மையில் இருப்பது அதில் கொஞ்சமாக இருக்கலாம். அதற்கு மேல் எழுதியது எல்லாம் காற்றோடு போகும். நல்ல வேளை, என்னுடையது தேறியது.

இன்னொரு அமைப்பையும் சொல்ல வேண்டும். மேலே சோதித்தது பத்து டிராக்கும் ஒரே கோப்பாக எழுதும் பாலி முறை, அந்தச் சோதனைக்குப் பிறகு அதை நான் விட்டுவிட்டேன். வேவ் கோப்பின் அளவு 1024 கணக்கில் 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் பாலியில் ஏறக்குறைய 50 நிமிடத்துக்கு ஒரு முறை கோப்பு உடையும். டிராக்குக்கு ஒரு கோப்பு என்று எழுதினால் அதே எல்லைக்குள் எட்டே கால் மணி நேரம் ஓடும், கிட்டத்தட்ட ஒரு இரவு. முகவீணைக்காரர் வராத இரவில் அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கிவிடலாம். இடது வலது மிக்ஸ் காலையில் கேட்டுப் பார்க்கத்தான், வேலை முடிந்ததும் அதையும் எடுத்துவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு இடம் திரும்பி வரும்.

அடுத்து எல்லாவற்றையும், ஒலி கெடாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக ஆக்க ஆசை. அதில் ஒரு கோப்புக்கு எட்டு சேனல்தான் உச்சம், பத்து டிராக் பாலியாக இருந்தால் ஏறாது. தனித்தனிக் கோப்பாக வைத்தது இதற்கும் வசதியாகப் போயிற்று. எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே பெருக்கிப் பார்க்க வழியில்லை, அது சத்தத்தைப் பொறுத்தது. முதல் இரவை மட்டும் மாற்றிப் பார்த்தேன். எப்போதாவது மட்டும் ஒலிக்கும் முகவீணை டிராக் நன்றாகச் சுருங்கியது. இரவெல்லாம் இரைச்சலைப் பிடித்துக்கொண்டிருந்த மேல் மைக்குகள் அவ்வளவாக இறங்கவில்லை. மீதி ஒன்பது இரவும் மிக்ஸ் முடிந்த பிறகுதான். இப்போதைக்கு மூன்றாம் இரவின் டோலக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.