சீனியருக்கு எழுதிய கடிதமும் அதில் சேர்த்த ஒரு பத்தியும்

சட்டப் படிப்பை முடித்துச் சென்னையில் பார் கவுன்சில் பதிவையும் முடித்துக்கொண்டு ஏற்காட்டுக்குத் திரும்பியபோது, சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உரிமையியல் வழக்குகளை நடத்தும் ஓர் அலுவலகத்தில் ஜூனியராகச் சேர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. யாரிடம் சேர வேண்டும் என்பதும் தெளிவாக இருந்தது. படிக்கும் காலத்தில் அவர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதைப் பின்வரிசையில் அமர்ந்து பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அவருடைய அலுவலகம் எங்கள் சித்தப்பாவுக்கு எதிராக ஒரு வழக்கை நடத்திக்கொண்டிருந்தது. அந்த நிலையில் கடிதத்தை எப்படி எழுதினேன் என்பதைப் பகிர்ந்துகொள்கிறேன். சொந்த ஊர் நீதிமன்றத்திலேயே தொழில் செய்ய நினைக்கும் பலருக்கும் இது வரக்கூடியதுதான்.

வழக்கு ஒரு காபித் தோட்டத்துப் பாதையைப் பற்றியது. சித்தப்பாவின் நிலத்துக்குச் செல்லும் வழி பக்கத்துத் தோட்டத்தின் ஊடாகப் போகிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இடையூறின்றி நடந்துவந்த வழி என்று சித்தப்பா சொல்கிறார். அனுமதியின் பேரில் விட்ட வழிதான் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார். அந்தத் தோட்டக்காரருக்குத்தான் நான் சேர விரும்பிய அலுவலகம் வக்காலத்து போட்டிருந்தது. கல்லூரி விடுமுறையில் சித்தப்பாவின் ஆவணக் கட்டை வரிசைப்படுத்தி, அவருடைய வழக்கறிஞருக்காகக் குறிப்பு எழுதிக் கொடுத்தவன் நான். எந்தச் சாட்சி எதைச் சொல்லப்போகிறார், எந்த ஆவணத்தில் பலவீனம் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஒரு வழக்கில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவரோ, வழக்குரை எழுதியவரோ, அந்தத் தரப்புக்காகச் செயல்பட்டவரோ பிறகு எதிர்த்தரப்புக்காக நடத்தக் கூடாது என்பது பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 33ஆவது விதி. அப்போது நான் மாணவன் என்பதால் விதியின் சொற்கள் என்னை நேராகக் கட்டாது என்று வாதிடலாம். ஆனால் அந்த விதி எதைக் காக்க எழுதப்பட்டதோ, அதுதான் என் கையில் இருந்தது. இதைச் சொல்லாமல் அலுவலகத்துக்குள் போய்விட்டால் இரு தரப்புக்கும் கேடு: தோட்டக்காரர் தன் வழக்கறிஞரை நம்ப முடியாது, சித்தப்பா என்னை நம்ப முடியாது. நேர்காணலின்போது வாய்மொழியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சிலர் யோசனை சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சீனியர் என்னை அழைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன்பே இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே கடிதத்தின் இரண்டாவது பத்தியாக இதை வைத்தேன். எழுதியது இவ்வளவுதான்:

“தங்கள் அலுவலகம் பிரதிவாதி தரப்பில் நடத்திவரும், ஏற்காடு பாதை உரிமை தொடர்பான வழக்கில் வாதி என்னுடைய சித்தப்பா ஆவார். மாணவனாக இருந்தபோது அவர் தரப்பு ஆவணங்களைப் படித்து உதவியிருக்கிறேன். தாங்கள் எனக்கு இடமளித்தால், அந்த வழக்கின் கட்டைத் தொடவோ, அது பற்றி அலுவலகத்திலோ வீட்டிலோ பேசவோ மாட்டேன். இதன் காரணமாக என்னைச் சேர்க்க இயலாது என்று தாங்கள் கருதினால் அதை முழுமையாக ஏற்றுக்கொள்வேன்.”

வழக்கு எண்ணையும் குறிப்பிட்டேன்; அலுவலகம் டைரியைப் புரட்டிச் சரிபார்க்க அது வேண்டும். சித்தப்பா தரப்பின் பலம், பலவீனம் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. உறவு இருக்கிறது என்பதைச் சொல்லும் கடிதமே கட்டுக்குள் இருப்பதைக் கசியவிட்டுவிடக் கூடாது.

கடிதத்தின் மற்றப் பகுதிகள் சுருக்கமானவை. முதல் பத்தியில் பதிவு எண், பதிவு செய்த நாள், அகில இந்திய பார் தேர்வை இன்னும் எழுதவில்லை என்ற விவரம். பதிவு செய்த 2 ஆண்டுகளுக்குள் அதில் தேர்ச்சி பெற வேண்டும் என்பதால், ஜூனியரின் நிலை என்ன என்பது சீனியருக்கு முதலிலேயே தெரிய வேண்டும். மூன்றாவது பத்தியில் நான் அவரிடம் கற்க விரும்புவதைச் சொன்னேன். “தங்கள் புகழைக் கேள்விப்பட்டு” என்று எழுதுவதைத் தவிர்த்து, ஒரு பாகப்பிரிவினை வழக்கில் கிராம நிர்வாக அலுவலரை அவர் விசாரித்த முறையைக் குறிப்பிட்டேன். பட்டாவை விட்டுவிட்டு, அடங்கலில் சாகுபடி செய்தவர் பெயர் எந்த ஆண்டில் மாறியது என்பதிலிருந்து அவர் தொடங்கியதை எழுதினேன்.

கடிதத்தோடு ஒரு மாதிரி வழக்குரையை இணைத்தேன். கீழமை நீதிமன்றங்களில் தமிழில்தான் பெரும்பாலும் வேலை நடக்கிறது என்பதால் கடிதமும் வழக்குரையும் தமிழிலேயே இருந்தன. கல்லூரி மாதிரி நீதிமன்றத்துக்கு வந்த ஒரு காலி மனை வழக்கை எடுத்துக்கொண்டு, நிரந்தர உறுத்துக் கட்டளை கேட்டு எழுதினேன். உயர் நீதிமன்றம் மூத்த வழக்கறிஞராக நியமித்த ஒருவருக்கு எழுதுபவர்கள் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. அவர்கள் வக்காலத்து போடுவதில்லை, ஆகவே அங்கே ஒரு சட்டப் பிரச்சினையில் தீர்ப்புகளைத் தொகுத்த குறிப்புதான் பயன்படும். நான் எழுதியது அப்படி நியமனம் பெறாத, மனுதாக்கல் முதல் நிறைவேற்றம் வரை தாமே பார்க்கும் ஒரு சீனியருக்கு.

கடிதத்தை நீதிமன்றக் கூடத்தில் நீட்டாமல், மாலையில் அலுவலகத்துக்குப் போய் அங்கிருக்கும் குமாஸ்தாவிடம் கொடுத்தேன். “அண்ணா, இரண்டாவது பத்தியை சார் கண்டிப்பா பார்க்கணும்” என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சில நாட்களில் அழைப்பு வந்தது.

சீனியர் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு வழக்குரையின் சொத்து விவரத்தைத்தான் முதலில் திருப்பினார். சொத்தை அடையாளம் காணும் அளவுக்கு எல்லைகளோ சர்வே எண்ணோ தர வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. நான் இரண்டையும் கொடுத்திருந்தேன். செக்குபந்தியில் கிழக்கே பொது ரோடு என்று இருந்தது.

“இந்த ரோடு புலப்பட வரைபடத்துல இருக்காப்பா?” என்றார்.

“இருக்குங்க சார். உட்பிரிவு ஆனதுக்கு அப்புறம் வந்த படத்துலதான் இருக்கு. பத்திரம் அதுக்கு முந்தினது. அதனால பழைய எண், புதிய எண் ரெண்டையும் போட்டிருக்கேன்.”

தலையசைத்துவிட்டு, பாதை வழக்குக்கு வந்தார். தம் கட்சிக்காரரான தோட்டக்காரரிடம் இதைத் தெரிவித்து, அவர் சம்மதித்தால்தான் என்னைச் சேர்க்க முடியும் என்றார். என்னிடம் சித்தப்பாவின் வழக்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் மீதிருந்த மதிப்பு எனக்கு அங்கே இன்னும் கூடியது.

தோட்டக்காரர் சம்மதித்தார். கட்டு சீனியரின் அறையிலிருக்கும் அலமாரிக்குப் போனது. அதன் வாய்தாக்களை வேறொரு ஜூனியர் அக்கா பார்க்கிறார். இத்தகைய ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. நான்கைந்து பேர் மட்டுமே இருக்கும் அலுவலகத்தில் தொலைபேசியில் பேசுவது காதில் விழத்தான் செய்யும். எனவே அந்தக் கட்சிக்காரர் வரும் வேளைகளில் நான் நகல் மனு, பேட்டா போன்ற வேலைகளை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறேன்.

ஊதியத்தைக் கடிதத்தில் எழுதவில்லை, சேர்வது உறுதியான பின்பு கேட்டேன். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2024இல் பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கை, சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் ஜூனியருக்குக் குறைந்தபட்சம் தர வேண்டும் என்கிறது. அதைக் குறிப்பிட்டுத்தான் கேட்டேன். முதலில் சொன்ன தொகை அதைவிடக் குறைவு. ஏற்காட்டிலிருந்து வந்துபோகும் பேருந்துச் செலவைத் தனியாகச் சேர்த்த பிறகு ஒத்துக்கொண்டேன். இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. தேர்வு முடிவு வந்ததும் மீண்டும் பேசுவதாக இருவரும் சொல்லியிருக்கிறோம்.

சித்தப்பாவிடம் சேர்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன். “அப்போ இனிமே எங்கிட்ட கேஸைப் பத்திப் பேச மாட்டியா?” என்று வருத்தத்தோடு கேட்டார். “வேற எதைப் பத்தி வேணும்னாலும் பேசலாங்க சித்தப்பா, அது மட்டும் வேண்டாம்” என்றேன். அவரிடமிருந்த என் கையெழுத்துக் குறிப்புகளின் நகல் ஒன்று வீட்டில் இருந்தது. அதை அவருடைய வழக்கறிஞரிடமே ஒப்படைத்துவிட்டேன்.